மேல்கோடு எப்போது எரியும்? நான்கு மாறிகளின் கார்னோ படம்

லிஃப்டுக்குள் மாடி எண்ணையும் கடைத் தராசில் எடையையும் காட்டும் விளக்கு எண்கள் பெரும்பாலும் ஏழு கோடுகளால் ஆனவை. செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே என்று அழைக்கப்படும் அந்தப் பலகையில் கோடுகளுக்கு a முதல் g வரை பெயர் உண்டு. உச்சியில் படுக்கையாக இருக்கும் கோடு a. காட்ட வேண்டிய இலக்கம் நான்கு கம்பிகள் வழியாக இரும எண்ணாக வந்து சேரும். அந்தக் கம்பிகளை A, B, C, D என்று அழைத்தால் அவற்றின் மதிப்பு முறையே 8, 4, 2, 1. இலக்கம் 5 என்றால் கம்பிகளில் 0101 இருக்கும். 9 என்றால் 1001.

மேல்கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், 0, 2, 3, 5, 6, 7, 8, 9 ஆகிய எட்டு இலக்கங்களுக்கு அது எரிய வேண்டும். 1, 4 இரண்டுக்கும் அணைந்திருக்க வேண்டும். (6ஐ மேல்கோடு இல்லாமல் எழுதும் பலகைகளும் உண்டு, இங்கே மேல்கோட்டோடு எழுதும் 6 எடுத்துக்கொள்ளப்படுகிறது.) நான்கு கம்பிகளின் நிலையைப் பார்த்து ‘எரி’ அல்லது ‘அணை’ என்று சொல்லும் ஒரு சுற்று தேவை. கணக்கின் மொழியில், நான்கு மாறிகளைக் கொண்டு 0 அல்லது 1 என்று விடை தரும் ஒரு தருக்கச் சார்பு.

யோசிக்காமல் எழுதினால் அந்தச் சார்பு மிக நீளமாக வரும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் உறுப்பு எழுதி, எட்டையும் கூட்டல் குறியால் சேர்க்க வேண்டியிருக்கும். இலக்கம் 2 என்பது 0010. அதற்கு உரிய உறுப்பு A'B'CD'. எழுத்தின் தலையில் உள்ள சிறு கோடு, அந்த மாறி 0ஆக இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. எழுத்துகள் அடுத்தடுத்து நின்றால் ஆண்ட் கேட். கூட்டல் குறி நின்றால் ஆர் கேட். எட்டு உறுப்பு, உறுப்புக்கு நான்கு எழுத்து என்று மொத்தம் 32 எழுத்துகள் ஆகின்றன. ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேட்டுக்குள் நுழையும் ஒரு கம்பி. ஒரே ஒரு கோட்டை எரிக்க 32 நுழைவுகள் என்பது மிக அதிகம்.

இதைக் குறைக்க உதவும் விதி ஒன்றுதான். 2க்கான உறுப்பு A'B'CD'. 3க்கான உறுப்பு A'B'CD. இரண்டும் D என்ற ஓர் எழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. இரண்டுக்கும் கோடு எரிய வேண்டும் என்னும்போது D 0ஆக இருந்தாலும் 1ஆக இருந்தாலும் விடை ஒன்றுதான். ஆகவே D உதிர்ந்துவிடும். இரண்டு உறுப்புகளுக்குப் பதில் A'B'C என்ற ஒரே உறுப்பு போதும். ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடும் சோடியைக் கண்டுபிடி, அந்த எழுத்தை நீக்கு. முழு வேலையும் இதுதான். ஆனால் எட்டு உறுப்புகளை வரிசையாக எழுதிவைத்துவிட்டு அத்தகைய சோடிகளைக் கண்ணால் தேடினால் பாதி தப்பிவிடும். 2ஐயும் 3ஐயும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். 2ம் 6ம் சோடி, 0ம் 8ம் சோடி என்பது அவ்வளவு எளிதில் தெரியாது.

சோடிகளெல்லாம் அக்கம்பக்கத்தில் அமரும்படி ஒரு கட்டப் படம் வரைந்துவிட்டால் தேடல் சுலபமாகிவிடும். 1952இல் எட்வர்ட் வீச் என்பவர் அப்படியொரு படத்தை வெளியிட்டார். மறு ஆண்டு, பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த மாரிஸ் கார்னோ கட்டங்களின் வரிசையை மாற்றி அதைத் திருத்தினார். இன்று பாடநூல்களில் இருப்பது கார்னோவின் வடிவம். மாணவர் வாயில் அது ‘கே-மேப்’. தருக்கத்தைக் கட்டங்களில் வரையும் எண்ணம் அதற்கும் முந்தையது. ஆலன் மார்க்வாண்ட் என்ற அமெரிக்கர் 1881இலேயே இப்படிப்பட்ட ஒரு வரைபடத்தைத் தந்திருக்கிறார்.

நான்கு மாறிகளுக்கு 16 சேர்க்கைகள் உண்டு. ஆகவே படத்தில் 16 கட்டங்கள். வரிசைகள் A, B இரண்டையும் காட்டும். நிரல்கள் C, D இரண்டையும் காட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குரிய எண்ணை எழுதினால் படம் இப்படி அமையும்:

```
AB\CD   00   01   11   10
 00      0    1    3    2
 01      4    5    7    6
 11     12   13   15   14
 10      8    9   11   10
```

முதலில் கண்ணில் படுவது தலைப்பின் வரிசைமுறை. 00, 01 என்று தொடங்கி, அடுத்து 10 வராமல் 11 வருகிறது. 10 கடைசிக்குப் போகிறது. இது கிரே குறியீட்டின் வரிசை. 01இலிருந்து 10க்குப் போனால் இரண்டு இலக்கங்களும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. 01இலிருந்து 11க்குப் போனால் ஒன்றுதான் மாறுகிறது. பக்கத்துக் கட்டத்துக்கு நகரும்போது ஒரே ஒரு மாறிதான் மாற வேண்டும் என்பதே இந்தப் படத்தின் உயிர். தேர்வில் அவசரமாக 00, 01, 10, 11 என்று எழுதிவிடுபவர் உண்டு. அந்தத் தவறு நேர்ந்தால் அதன் பிறகு எவ்வளவு கவனமாக வட்டமிட்டாலும் விடை சரியாக வராது. எண்களை நிரப்பிய பின் மூன்றாம் நிரலின் தலையில் 3ம், மூன்றாம் வரிசையின் தொடக்கத்தில் 12ம் இருக்கின்றனவா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசி நிரலின் 10ம் முதல் நிரலின் 00ம் கூட ஓர் இலக்கத்தில்தான் வேறுபடுகின்றன. ஆகவே படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் அக்கம்பக்கம். பாயைச் சுருட்டினால் இரு ஓரங்களும் தொட்டுக்கொள்வதைப் போல. மேல் ஓரமும் கீழ் ஓரமும் அவ்வாறே. 0க்கு வலப்பக்கத்தில் 1, கீழே 4. இடப்பக்கம் சுற்றிப் போனால் 2, மேலே சுற்றிப் போனால் 8. எந்தக் கட்டத்தை எடுத்தாலும் சரியாக நான்கு அண்டைக் கட்டங்கள் இருக்கும். மாறிகளும் நான்கு என்பதால் இது தற்செயலானது அல்ல. மூலைவிட்டமாகத் தொட்டுக்கொள்ளும் கட்டங்கள் இரண்டு மாறிகளில் வேறுபடுவதால் அவை அண்டை ஆகா.

அக்கம்பக்கத்தில் இரண்டு 1கள் இருந்தால் ஓர் எழுத்து உதிரும். அப்படிப்பட்ட இரண்டு சோடிகள் ஒன்றையொன்று ஒட்டி நான்காகச் சேர்ந்தால் இன்னோர் எழுத்து உதிரும். எட்டாகச் சேர்ந்தால் மூன்று எழுத்துகள் போய் ஒரே எழுத்து மிஞ்சும். குழுவில் 1, 2, 4, 8, 16 என்ற அளவுகளில்தான் கட்டங்கள் இருக்க முடியும். மூன்றோ ஆறோ ஏன் கூடாது என்று தொடக்கத்தில் பலரும் கேட்பார்கள். ஓர் எழுத்து உதிர வேண்டுமானால் அதன் 0 பாதியும் 1 பாதியும் முழுமையாகக் குழுவுக்குள் இருக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து அளவு இரட்டிப்பாகிக்கொண்டே போவதால் இடைப்பட்ட அளவுகளுக்கு இடமில்லை. குழுவைப் படித்து உறுப்பை எழுதுவதும் இதே வழிதான்: குழு முழுவதும் 1ஆகவே நிற்கும் மாறியை அப்படியே எழுத வேண்டும், 0ஆகவே நிற்பதைத் தலைக்கோட்டோடு எழுத வேண்டும், மாறிக்கொண்டிருப்பதை விட்டுவிட வேண்டும்.

இனி மேல்கோட்டுக்குத் திரும்பலாம். 0 முதல் 9 வரை எங்கே 1, எங்கே 0 என்பது தெரியும். 10 முதல் 15 வரை உள்ள ஆறு கட்டங்களில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. நான்கு கம்பிகளால் 15 வரை எண்ண முடியும். ஆனால் பலகைக்கு வருவது ஒற்றை இலக்கம் மட்டுமே. முதலில், அந்த ஆறுக்கும் கோடு அணைந்திருக்கட்டும் என்று 0 போட்டுப் பார்க்கலாம்.

```
AB\CD   00   01   11   10
 00      1    0    1    1
 01      0    1    1    1
 11      0    0    0    0
 10      1    1    0    0
```

இதில் 3, 2, 7, 6 நான்கும் ஒரு சதுரமாகச் சேர்கின்றன. A 0ஆகவும் C 1ஆகவும் நிற்பதால் உறுப்பு A'C. இலக்கம் 5க்கு 7 மட்டுமே துணை. சோடியின் உறுப்பு A'BD. இலக்கம் 9க்கு 8 மட்டுமே துணை, உறுப்பு AB'C'. மிஞ்சுவது 0. அது வலப்பக்கம் சுற்றி 2ஓடும் சேரலாம், கீழே சுற்றி 8ஓடும் சேரலாம். இரண்டு வழியிலும் மூன்று எழுத்துகள்தான்; இரண்டுமே சரியான விடைகள். மிகக் குறுகிய விடை ஒன்றுதான் இருக்கும் என்று நினைப்பது தவறு. பக்கத்து மாணவரின் விடை வேறாக இருந்தால் ஒருவர் தவறு செய்திருக்கிறார் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ஒரு வழியைத் தேர்ந்தால் விடை இது:

```
a = A'C + A'BD + AB'C' + B'C'D'
```

32 எழுத்துகள் 11ஆகக் குறைந்துவிட்டன. ஆனால் அந்த ஆறு கட்டங்களுக்கு 0 போட்டது யார் கேட்டு? பலகைக்கு 10 முதல் 15 வரை எதுவும் வரப்போவதில்லை என்பது உறுதியானால், அந்த இடங்களில் கோடு எரிந்தாலும் அணைந்தாலும் யாருக்கும் வேறுபாடு இல்லை. அத்தகைய கட்டங்களுக்குத்தான் ‘டோன்ட் கேர்’ என்று பெயர். படத்தில் அவற்றுக்கு X போடுவது வழக்கம். X என்பது 0க்கும் 1க்கும் நடுவில் உள்ள மூன்றாவது விடை அன்று. வடிவமைப்பாளர் இன்னும் முடிவு செய்யாமல் கையில் வைத்திருக்கும் உரிமை அது. எந்தக் கட்டத்தில் 1 ஆக்கினால் லாபமோ அங்கே 1 ஆக்கலாம். லாபம் இல்லாத இடத்தில் 0 ஆக்கலாம்.

```
AB\CD   00   01   11   10
 00      1    0    1    1
 01      0    1    1    1
 11      X    X    X    X
 10      1    1    X    X
```

இப்போது அதே படம் வேறு முகம் காட்டுகிறது. முன்பு நான்காக இருந்த சதுரம் கீழ்நோக்கி வளர்ந்து 15, 14, 11, 10 ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. வலப்பாதியின் எட்டுக் கட்டங்களும் ஒரே குழு. C தவிர மற்றவை எல்லாம் மாறுவதால் உறுப்பு வெறும் C. 8ம் 9ம் இருக்கும் கடைசி வரிசையோடு மேலே உள்ள X வரிசையைச் சேர்த்தால் கீழ்ப்பாதி முழுவதும் இன்னோர் எட்டு. அதன் உறுப்பு வெறும் A. நடுவில் 5, 7, 13, 15 சேர்ந்து BD. மிஞ்சியிருக்கும் 0க்குப் படத்தின் நான்கு மூலைகளும் துணைக்கு வருகின்றன. 0, 2, 8, 10 என்று மூலைகளில் சிதறிக் கிடப்பதைப் போலத் தோன்றினாலும், ஓரங்கள் ஒட்டிக்கொள்வதால் அவை ஒரு சதுரமே, உறுப்பு B'D'.

```
a = A + C + BD + B'D'
```

எழுத்துகள் ஆறுதான். பொருளைப் படித்துப் பார்த்தால் இன்னும் தெளிவு: A எரிந்தாலும் சரி, C எரிந்தாலும் சரி, B, D இரண்டும் ஒரே நிலையில் இருந்தாலும் சரி, மேல்கோடு எரியும். அணைய வேண்டிய 1இல் B 0, D 1. 4இல் B 1, D 0. இரண்டிலும் A, C இல்லை. விடை சரிதான்.

மேல்கோட்டின் கதையில் எல்லா X களும் குழுக்களுக்குள் வந்துவிட்டன. இதைப் பார்த்து, X களையும் மூடியே ஆக வேண்டும் என்று ஒரு தவறான எண்ணம் தொடக்கநிலை மாணவரிடம் ஒட்டிக்கொள்வது உண்டு. அதைப் போக்குவதற்கு e என்ற கோட்டைப் பார்க்கலாம். இடப்பக்கத்தின் கீழ்ப்பாதியில் நிற்கும் அந்தக் கோடு 0, 2, 6, 8 ஆகிய நான்குக்கு மட்டுமே எரியும்.

```
AB\CD   00   01   11   10
 00      1    0    0    1
 01      0    0    0    1
 11      X    X    X    X
 10      1    0    X    X
```

நான்கு மூலைகளும் சேர்ந்து B'D' தருகின்றன. அதிலேயே 0, 2, 8 மூன்றும் மூடப்பட்டுவிட்டன. 6க்காகக் கடைசி நிரலை முழுதாக எடுத்தால் CD' கிடைக்கிறது. வேலை முடிந்தது: e = B'D' + CD'. இதில் 10, 14 ஆகிய X கள் மட்டும் 1 ஆயின. 11, 12, 13, 15 வெளியே நிற்கின்றன. அவை 0 ஆயின. நான்கு X கள் வரிசையாக நிற்கின்றனவே என்று அந்த மூன்றாம் வரிசையை வட்டமிட்டு AB என்ற உறுப்பைச் சேர்ப்பவர் உண்டு. சுற்று அப்போதும் சரியாகவே வேலை செய்யும். ஒரு கேட் வீணாகச் செலவாகும், அவ்வளவுதான். 8க்காக 12, 14, 10 ஆகியவற்றோடு சேர்த்து AD' எழுதுவதும் அதே வீண்செலவு. 8 ஏற்கனவே மூலைக் குழுவில் இருக்கிறது. ஒவ்வொரு குழுவையும் பார்த்து, இது இல்லாவிட்டால் எந்த 1 வெளியே நிற்கும் என்று கேட்க வேண்டும். எந்த 1ம் இல்லை என்றால் அந்தக் குழுவை அழித்துவிடலாம். X பெரிய குழுவுக்குக் கை கொடுக்க வருவது. அதற்காகத் தனிக் குழு போடத் தேவை இல்லை.

எந்த 1இலிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். பெரிய குழு கண்ணில் பட்டவுடன் அதை முதலில் வட்டமிடவே கை துடிக்கும். அது சில நேரம் ஏமாற்றும். வேறொரு சார்பில் 1, 5, 6, 7, 11, 12, 13, 15 ஆகிய எட்டு இடங்களில் 1 இருப்பதாகவும் X ஏதும் இல்லை என்றும் கொள்ளலாம்.

```
AB\CD   00   01   11   10
 00      0    1    0    0
 01      0    1    1    1
 11      1    1    1    0
 10      0    0    1    0
```

நடுவில் 5, 7, 13, 15 என்று கொழுத்த சதுரம் ஒன்று அழைக்கிறது. அதை வட்டமிட்ட பிறகு 1, 6, 11, 12 நான்கும் நான்கு திசைகளில் தனித்து நிற்கும். அவை ஒவ்வொன்றுக்கும் நடுச் சதுரத்தில் உள்ள ஒரே ஒரு கட்டம்தான் துணை. 1க்கு 5, 6க்கு 7, 11க்கு 15, 12க்கு 13. அந்த நான்கு சோடிகளையும் போட்டு முடித்தால் நடுச் சதுரத்தின் நான்கு கட்டங்களும் ஏற்கனவே மூடப்பட்டிருக்கும். முதலில் போட்ட பெரிய வட்டம் தேவையே இல்லாத வட்டமாகிவிட்டது. ஆகவே தொடங்க வேண்டியது ஆதரவு குறைந்த 1இலிருந்து. போக ஒரே வழிதான் என்று நிற்கும் 1ஐ முதலில் கவனித்து, அது சேரக்கூடிய மிகப் பெரிய குழுவைப் போட வேண்டும். அப்படிப்பட்டவை தீர்ந்த பிறகு, இரண்டு மூன்று வழிகள் உள்ள 1களைப் பார்த்தால் போதும். மேல்கோட்டின் முதல் படத்தில் 3, 5, 9 முடிந்த பின் 0ஐக் கடைசியாகக் கவனித்ததும் இதனால்தான்.

மேல்கோட்டை இன்னொரு வழியிலும் அணுகலாம். எரியும் இலக்கங்கள் எட்டு. அணையும் இலக்கங்கள் இரண்டே. 1களைச் சேர்ப்பதற்குப் பதில் 0களைச் சேர்த்தால் என்ன? கோடு அணைய வேண்டிய 1ஆம் கட்டத்தின் அண்டைகள் 0, 3, 5, 9. எல்லாமே எரிய வேண்டியவை. அதனால் அது தனியாக நிற்கும், உறுப்பு A'B'C'D. 4ஆம் கட்டத்துக்குக் கீழே 12இல் ஒரு X இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் BC'D'. இவை a அணையும் நிலைகள். எரியும் நிலைக்குத் தலைகீழாகத் திருப்பினால், எழுத்துகளின் தலைக்கோடுகள் மாறி, கூட்டலும் பெருக்கலும் இடம் மாறும்:

```
a = (A + B + C + D')(B' + C + D)
```

எழுத்துகள் ஏழு. எழுத்துக் கணக்கில் முந்தைய விடை ஒன்று குறைவு. ஆனால் இதில் இரண்டே அடைப்புகள். கையில் எந்த கேட்டுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து எதையும் தேரலாம். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் வேறு. இரண்டு விடைகளும் 0 முதல் 9 வரை ஒத்துப்போகின்றன. 12ஐக் கொடுத்தால் முதல் விடையில் A இருப்பதால் 1 வருகிறது. இரண்டாம் விடையில் இரண்டாவது அடைப்பு 0 ஆகி, கோடு அணைகிறது. ஒரே X ஓரிடத்தில் 1 ஆகவும் மற்றோரிடத்தில் 0 ஆகவும் பயன்பட்டிருக்கிறது. அதனால் இந்த இரண்டு கோவைகளும் கணக்கின்படி சமம் அல்ல. ஒன்றை இயற்கணித விதிகளால் விரித்து மற்றொன்றைப் பெற முயன்றால் முடியவே முடியாது. தவறு எங்கே என்று தேடிக் களைத்துப்போவதுதான் மிச்சம். X உள்ள கணக்கில் விடையைச் சரிபார்க்க வேண்டிய வழி, X அல்லாத ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் கோவையில் போட்டுப் பார்ப்பது. 10 கட்டங்களும் பொருந்தினால் விடை சரி.

காகிதத்தில் X என்று எழுதலாம். செம்புக் கம்பியில் X கிடையாது. வட்டங்கள் போட்டு முடித்த அந்தக் கணத்தில் ஒவ்வொரு X உம் 0 அல்லது 1 என்று தீர்மானமாகிவிடுகிறது. ஒருவேளை பழுதாலோ, மின்சாரம் வந்த முதல் நொடியிலோ 1100 என்று நான்கு கம்பிகளும் நின்றுவிட்டால் பலகையில் ஏதோ ஓர் உருவம் தெரியத்தான் செய்யும். சந்தையில் கிடைக்கும் சில்லுகளில் இது கண்கூடு. 7447 என்ற பழைய சில்லுக்கு 10 முதல் 14 வரை கொடுத்தால் எந்த இலக்கத்தையும் ஒத்திராத கோட்டுருவங்களைக் காட்டும். 15க்கு எல்லாக் கோடுகளும் அணையும். அதே வேலையைச் செய்யும் 4511 சில்லு 10 முதல் 15 வரை எது வந்தாலும் பலகையை இருட்டாக்கிவிடும். 4511ஐ வடிவமைத்தவர்களுக்கு அந்த ஆறு கட்டங்களும் X அல்ல, 0. தவறான எண்ணைக் காட்டுவதைவிட எதுவும் காட்டாமல் இருப்பதே மேல் என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அதற்குச் செலுத்தும் விலை, ஆறு எழுத்துக்கும் பதினோரு எழுத்துக்கும் இடையில் மேலே கண்ட வேறுபாட்டைப் போன்றது.

ஆகவே ஒரு கட்டத்தில் X போடும் முன் இரண்டு கேள்விகள் வேண்டும். இந்த உள்ளீடு உண்மையிலேயே வராதா? வந்தால்தான் என்ன கெட்டுவிடும்? எண் பலகையில் ஒரு நொடி கோணல் உருவம் தெரிந்தால் பாதகம் இல்லை. ஆனால் 0 முதல் 9 வரை எண்ணிவிட்டு மீண்டும் 0க்குத் திரும்பும் கவுன்டரில் இதே X கள் தொல்லை தரக்கூடும். அங்கே இப்போதைய நிலையிலிருந்து அடுத்த நிலை பிறக்கிறது. ஒவ்வொரு ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கும் ஒரு கார்னோ படம். மின்சாரம் வந்தவுடன் ஃப்ளிப்-ஃப்ளாப்புகள் எந்த நிலையிலும் விழித்தெழலாம். 12இல் எழுந்தால், அங்கிருந்து எங்கே போகும் என்பதை X களுக்குப் போட்ட வட்டங்கள் ஏற்கனவே முடிவு செய்துவிட்டன. 12லிருந்து 13, 13லிருந்து மீண்டும் 12 என்று வட்டங்கள் அமைந்துவிட்டால் கவுன்டர் அந்த இரண்டிலேயே சுழன்றுகொண்டிருக்கும். ஒருபோதும் 0க்கு வராது. இதைக் கண்டுபிடிக்க, கோவைகளை எழுதி முடித்த பின் 10 முதல் 15 வரை ஒவ்வொன்றையும் போட்டு அடுத்த நிலையைக் கணக்கிட வேண்டும். ஆறும் சில அடிகளில் 0 முதல் 9க்குள் வந்துவிட்டால் அச்சமில்லை. வராவிட்டால் குழுக்களை மாற்ற வேண்டும், அல்லது தொடக்கத்தில் 0க்குக் கொண்டுவரும் ரீசெட் கம்பி ஒன்று வைக்க வேண்டும்.

படத்தின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு நேரத்தில் ஒரு வெளியீட்டை மட்டுமே பார்க்கும். மேல்கோட்டுக்கு வந்த B'D' என்ற உறுப்புதான் e கோட்டுக்கும் வந்தது. ஒரே ஆண்ட் கேட்டைக் கட்டி இரண்டுக்கும் கம்பி இழுத்தால் போதும். இதைப் படம் தானாகச் சொல்லாது. ஏழு கோடுகளின் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பவர்தான் கவனிக்க வேண்டும். மாறிகள் ஐந்தானால் இப்படிப்பட்ட இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததாகக் கற்பனை செய்து, நேர் மேலே உள்ள கட்டத்தையும் அண்டையாகக் கொள்ள வேண்டும். ஆறானால் நான்கு படங்கள். அதற்குமேல் கண் தடுமாறிவிடும். அங்கே குவைன், மெக்லஸ்கி இருவரின் பெயரால் வழங்கும் அட்டவணை முறை வருகிறது. மெக்லஸ்கி அதை 1956இல் வெளியிட்டார். அதுவும் ஓர் எழுத்தில் வேறுபடும் சோடிகளைத் தேடும் அதே வேலைதான். பக்கத்துக் கட்டம் என்று கண் செய்துகொண்டிருந்ததை அங்கே வரிசையாக எழுதி ஒப்பிட வேண்டும். X கள் அங்கும் சோடி சேரும் கட்டத்தில் 1களோடு கலந்துகொள்ளும். எந்த உறுப்புகள் கட்டாயம் தேவை என்று தேரும் கட்டத்தில் அவை விலகிக்கொள்ளும்.